எல்லா லொட்டுக்கும் அறுபத்தேழு

அருளம்பலத்துக்குச் சமைக்கத் தெரியாது, சைக்கிளுக்கு ஒட்டுப் போடத் தெரியாது, மனிசியோடு வாய் கொடுத்து வெல்லவும் தெரியாது. ஆனால் அறிக்கை எழுதத் தெரியும். இதைக் கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்கிற சனம்கூட ஒத்துக்கொள்ளும். கூட்டுறவுச் சங்கத்து அரிசி ஆலையில் ஆறு வருடமாக அவர்தான் பொறுப்பாளர், அவர்தான் கிளாக்கர், தராசுக்காரர் வராத நாட்களில் அவர்தான் தராசுக்காரர். ஆலையில் ஒன்றாக அவித்து, ஒன்றாகக் காயவிட்டு, ஒன்றாகக் குத்துகிற நெல்லுக்கு லொட் என்று பெயர். லொட்டுக்கு ஒரு தாள். எத்தனை கிலோ நெல் உள்ளே வந்தது, எத்தனை கிலோ அரிசி வெளியே போனது, அது நூற்றுக்கு எத்தனை, அந்த அரிசியில் உடைந்த குறுணல் நூற்றுக்கு எத்தனை. நான்கே நான்கு கட்டம். அந்த நான்கு கட்டத்தையும் முத்து முத்தாக நிரப்பி, கீழே ஒரு வால் வைத்த கையெழுத்துப் போட்டு, மூன்று பிரதி எடுத்து அனுப்புவார்.

மூன்றாவது கட்டத்தில் எப்போதும் அறுபத்தேழு இருக்கும். சிலவேளை அறுபத்தாறு தசம் ஒன்பது. அலுப்புத் தட்டினால் அறுபத்தேழு தசம் ஒன்று. நான்காவது கட்டத்தில் ஏழு, அல்லது எட்டு. மாரியில் வந்த நெல்லும் அறுபத்தேழு, கோடையில் வந்த நெல்லும் அறுபத்தேழு, சிவப்பும் அறுபத்தேழு, வெள்ளையும் அறுபத்தேழு. இப்படி ஒரு ஆலை உலகத்தில் எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. மேலே இருந்தவர்களுக்கு அறுபத்தேழுக்குக் குறையாமல் வேண்டும் என்று விதி. குறையவில்லை. அதற்கு மேல் கேட்பானேன்?

இதில் களவு கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஊர் வேறு மாதிரிச் சொல்லும். ஆலையின் பின் அறையில், சாக்குகளுக்கு அப்பால், பழைய மரப்பெட்டகம் ஒன்று இருந்தது. நல்ல லொட் ஒன்று அறுபத்தொன்பது தந்தால் அருளம்பலம் அறுபத்தேழை வெளியே அனுப்பிவிட்டு இரண்டைப் பெட்டகத்தில் போடுவார். கெட்ட லொட் ஒன்று அறுபத்தைந்தில் நின்றால் பெட்டகத்திலிருந்து இரண்டை எடுத்துக் கலந்து அறுபத்தேழு ஆக்குவார். களத்தில் நெல் காயவிடுகிற பெண்கள் அதற்கு 'கிளாக்கரின்ரை உண்டியல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு சுண்டு அரிசி அருளம்பலம் வீட்டுக்குப் போனதில்லை. மனிசி பராசக்திகூட ஒருமுறை ஜாடையாகக் கேட்டுப் பார்த்துத் தோற்றுப் போனாள்.

ஏன் இந்த வேலை என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. "அறுபத்தொன்பது எண்டு ஒருக்கால் எழுதினால், அடுத்த மாசம் அறுபத்தொன்பது எங்கை எண்டு கேப்பாங்கள். அறுபத்தைஞ்சு எண்டு எழுதினால், ரண்டு எங்கை எண்டு கேப்பாங்கள். இளைப்பாற எனக்கு இன்னும் மூண்டு வருசம் கிடக்கு. ஒருத்தரும் ஒண்டும் கேக்காமல் போனால் காணும்."

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம் வந்த நெல்தான் இந்த ஒழுங்கைக் குலைத்தது.

அப்போது சண்டையால் பாதை எல்லாம் பூட்டு. வன்னி நெல் கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் வரவேண்டும். அந்தமுறை காற்று மாறி அடித்து, அலை ஏறி, மூட்டைகள் பாதி குளித்தும் பாதி குளிக்காமலும் வந்து சேர்ந்தன. அறுவடையும் மழைக்குள்ளே நடந்ததால் நெல் வயலிலிருந்தே ஈரம். அதில் ஒரு லொட்டுக்கு எடுத்த அறுபது மூட்டையும் வாசலில் நிறுத்தபோது மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோ. அருளம்பலம் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். 'டக்' என்று உடையவில்லை. மாவு போல நசிந்தது. ஈரம் பார்க்கிற மீற்றர் ஒன்று மேசை லாச்சிக்குள் இருந்தது, நல்ல சாமான்தான். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாகி இரண்டரை வருடமாக அது அங்கே படுத்திருந்தது. அந்த வருடக் கணக்கில் நாற்பத்தோராவது லொட் என்று எழுதி, நிறையை எழுதி, நெல்லைத் தொட்டியில் ஊறப்போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குக் களைப்பாக இருந்தது. அவருக்கு எப்போதும் களைப்புத்தான். ஆனால் அன்றைக்குக் காலையிலேயே இருந்தது.

அவித்த நெல்லை முதல் நாள் அரைக் காய்ச்சலாகக் காயவிட்டு, கூட்டி மூடி, உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர விட்டு, அடுத்த நாள் திரும்பப் பரப்பிக் காயவிடவேண்டும். களத்துக்குப் பொறுப்பான சின்னத்தங்கம் முப்பது வருடமாக அப்படித்தான் செய்துவந்தாள். ஆனால் பள்ளிக்கூடங்களில் இடம்பெயர்ந்து கிடந்த சனத்துக்கு அரிசி முடிந்துவிட்டது, இன்றைக்கே வேண்டும் என்று இரண்டு தரம் ஆள் வந்தது. சின்னத்தங்கம் அவித்த நெல்லைக் கொதிக்கிற சீமெந்துக் களத்தில் ஒரே மூச்சில் காய்ச்சி எடுத்தாள்.

"உது வெடிக்கப்போகுது தம்பி," என்றாள் அருளம்பலத்திடம். "நெல்லுக்குள்ளை அரிசி கீறிப்போய்க் கிடக்குது. பிறகு வின்சன்ற்றைப் பேசவேண்டாம்."

வின்சன்ற் ஆலைக்காரன். மெசினோடு பேசுகிறவன். உமியை உரிக்கிற றப்பர் உருளை இரண்டும் தேய்ந்துவிட்டன, புதிது வராது. வேகமாகச் சுழல்கிற உருளைதான் முதலில் தேயும் என்பதால் இரண்டையும் இடம் மாற்றி மாற்றிப் பூட்டி, மண்ணெண்ணெயோடு என்னென்னவோ கலந்து எஞ்சினை இழுத்து, மற்ற ஆலைகள் மூடிக் கிடந்த காலத்திலும் இந்த ஆலையை ஓடவைத்துக்கொண்டிருந்தவன் அவன். வாய் குறைவு. பத்து வார்த்தை பேசினால் எட்டு எஞ்சினுக்கு.

நாற்பத்தோராவது லொட்டைக் குத்தி முடிய, அரிசியை நிறுத்தார்கள். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு கிலோ. அருளம்பலம் தாளின் ஓரத்தில் பிரித்துப் பார்த்தார். அறுபத்தொன்று. திரும்பப் பிரித்தார். அறுபத்தொன்றேதான். நூறு கிராம் அரிசியை எடுத்துச் சுளகில் பரப்பிக் குறுணலை வேறாக்கச் சொன்னார். பதினெட்டு.

பின் அறைக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறந்தார். அடியில் இரண்டு படி அரிசியும் ஒரு செத்த பல்லியும் கிடந்தன. கார்த்திகையும் மார்கழியும் ஈர நெல்லாகவே வந்து உண்டியலை வழித்துத் துடைத்துவிட்டன. அறுபத்தேழு ஆக்க இருநூற்று முப்பது கிலோ வேண்டும். பல்லியை வாலில் தூக்கி எறிந்துவிட்டு வந்து, ஆறு வருடத்தில் முதல்தரமாக, மூன்றாவது கட்டத்தில் கண்ட இலக்கத்தை எழுதினார்.

ஊருக்கு இது இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்கக்கூடாது. ஊருக்கு எல்லாம் தெரியும். இருநூற்று முப்பது கிலோ என்றால் மூன்றரை மூட்டை என்பதையும் ஊரே பிரித்துப் பார்த்துக்கொண்டது. கணக்குப் படித்திருந்தால் எத்தனை பேர் எஞ்சினியர் ஆகியிருப்பார்கள். அந்தக் கிழமைதான் வின்சன்ற்றின் மகளுக்கு மாதா கோயிலில் முதல்நன்மை. நாற்பது பேருக்குச் சாப்பாடு. வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளை தேவதை மாதிரி இருந்தது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுவிட்டுத்தான் கேட்டார்கள்: "இந்தக் காலத்திலை நாப்பது பேருக்கு அரிசி எங்காலை?"

அரிசி வின்சன்ற்றின் மச்சாள் யசிந்தா கொடுத்தது. அவர்களுக்கு வயல் இருக்கிறது. இதுவும் ஊருக்குத் தெரியும். ஆனால் அதைப் பேசுவதில் சுவையில்லை.

மூன்றாம் நாள் பரிசோதகர் கிளரன்ஸ் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வெயிலில் பத்து மைல் சைக்கிள் மிதித்து வந்தும் சேட்டுக் கொலர் கசங்காதவர். அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. ஆலை இயக்குநர் வின்சன்ற்றை இன்னாரின் பரிந்துரையின்பேரில் வேலையிலிருந்து நிறுத்துகிறோம் என்று தட்டச்சு அடித்து, இன்னார் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்கள். அந்த இன்னார் அருளம்பலம்.

"நானும் உங்கடை தாளெல்லாத்தையும் வடிவாப் பாத்திட்டன், அருளம்பலம்," என்றார் கிளரன்ஸ். "ஆறு வருசம். ஒரு லொட் எண்டாலும் அறுபத்தாறரைக்குக் கீழை இல்லை. இந்த ஒண்டு மட்டும் அறுபத்தொண்டு. குறுணல் பதினெட்டு. நெல்லும் அதே நெல்லு, ஆலையும் அதே ஆலை. அப்ப மாறினது ஆர்? ஆள்தானே?"

"நெல்லு ஈரம் சேர்."

"மாரியிலையும் ஈரம்தானே? அப்பவும் அறுபத்தேழு எழுதியிருக்கிறியள்."

அருளம்பலம் மேசையைப் பார்த்தார். தன்னுடைய முத்து முத்தான எழுத்து, தன்னுடைய வால் வைத்த கையெழுத்து, எல்லாம் ஒரு கட்டாக மேசையில் கிடந்து வின்சன்ற்றுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. இவ்வளவு அழகான சாட்சியை கோட்டில் வாதாடுகிற ஒரு அப்புக்காத்துக்கூடத் தயாரித்திருக்க மாட்டார்.

"ஒரு கையெழுத்துத்தானே," என்று பேனையை நீட்டினார் கிளரன்ஸ். கொடுமைக்காரர் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவருக்கும் வீட்டுக்குப் போகப் பத்து மைல் இருந்தது. "பொலிஸ், வழக்கு எண்டு ஒண்டும் போகாது. ஆளை மாத்திறம், அவ்வளவுதான்."

வெளியே வின்சன்ற் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கும். உள்ளே வந்து ஒரு சொல் கேட்டிருக்கலாம். வரவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

அருளம்பலம் பேனையை வாங்கினார். வாங்கியதை மறைப்பதற்கில்லை. மூடியைக் கழற்றினார். ஒரு கையெழுத்து. பிறகு வேறு ஒரு ஆலைக்காரன் வருவான்; உண்டியல் மெல்ல மெல்ல நிரம்பும்; அறுபத்தேழு திரும்ப வரும்; மூன்று வருடம் போகும். மறுபக்கம், நெல் ஈரம் என்று நிரூபிக்க வழி இருந்தது. அதே வள்ளங்களில் வந்த நெல்லில் முப்பத்தெட்டு மூட்டை இன்னும் அடுக்கிக் கிடந்தது. ஆனால் நிரூபித்தால் அடுத்த கேள்வி என்ன என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு இலக்கத்தை மெய்யாக்கினால் மற்ற எல்லா இலக்கமும் பொய்யாகும்.

அந்த நேரம் பார்த்துச் சின்னத்தங்கம் வாசலில் வந்து நின்றாள். கையில் விளக்குமாறு. கூட்டுகிறவள் போல.

"ஐயா, குறுணலுக்கு அவனைப் பேசுறியளோ? நான்தான் ஒரே வெயில்லை காய்ச்சனான். என்னைப் பேசுங்கோ. என்னையும் நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ, முதுகு நோகுது," என்றாள். பிறகு அருளம்பலத்தைப் பார்த்தாள். உண்டியலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அது போதுமான அளவுக்கு மேலேயே இருந்தது.

அருளம்பலம் மூடியைப் பேனையில் திரும்பப் பூட்டினார்.

"சேர், நீங்களே ஒரு மூட்டையைக் காட்டுங்கோ," என்றார். "உங்கடை கண்ணுக்கு முன்னாலை நிறுத்து, அவிச்சு, காய்ச்சி, திரும்ப நிறுத்து, குத்துவம். மூண்டு நாள் செல்லும். பிறகு நான் கையெழுத்து வைக்கிறன், எதிலை வைக்கச் சொன்னாலும்."

"திரும்ப நிறுக்கிறது ஏன்? நெல்லை எப்பிடியும் தொட்டியிலை ஊறப்போடத்தானே போறியள்? நனையாத நெல்லும் அங்கை நனையும். பிறகு கடலேரித் தண்ணியிலை நனைஞ்சால் என்ன?"

பள்ளிக்கூடம் படித்த கேள்வி. அருளம்பலம் பெருமூச்சு விட்டார்.

"தொட்டித் தண்ணி நாங்கள் நிறுத்த பிறகு ஏறுற தண்ணி, சேர். வெயில்லை போகேக்கை கணக்கிலை ஒரு குறையும் தெரியாது. கடலேரித் தண்ணி வாசல்லை, தராசிலை, நெல்லோடை சேந்து ஏறி நிக்குது. அதையும் நெல்லு எண்டு நான் எழுதிப்போட்டன். வெயில்லை அது போயிடும். அரிசியாகி வராது."

"உப்பு மட்டும் மிஞ்சும்," என்றாள் சின்னத்தங்கம். "அந்த லொட் அரிசிக்கு உலையிலை உப்புப் போடத் தேவையில்லையாம். முகாமிலை சொல்லுகினம்."

கிளரன்ஸ் சிரிக்கவில்லை, ஆனால் கடிதத்தை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். தானே போய் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு மூட்டையைத் தொட்டுக் காட்டினார். தானே தராசின் குண்டை நகர்த்தினார். அறுபத்துநான்கு கிலோ. மூட்டை வாயில் ஒரு நூலைக் கட்டி முடிச்சில் மெழுகு ஒற்றினார். அதற்குள் ஆலை வாசலில் எட்டுப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் அந்த நேரம் அந்த வழியால் போகவேண்டிய அலுவல் வந்துவிட்டது.

அந்த மூன்று நாளும் ஆலை ஓடவில்லை. ஒரு மூட்டை நெல்லை ஒரு பரிசோதகர், ஒரு பொறுப்பாளர், ஒரு ஆலைக்காரன், நான்கு பெண்கள் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலியாணப் பெண்ணைக்கூட அவ்வளவு பேர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஊறப்போட்டார்கள். உமியை எரித்து ஆவியில் அவித்தார்கள். முதல் நாள் சின்னத்தங்கம் அதை மெல்லிதாகப் பரப்பிக் காலால் வரம்பு இழுத்து இழுத்துப் புரட்டி, வெயில் ஏறமுதல் கூட்டிச் சாக்கால் மூடினாள். "இப்ப உள் ஈரம் வெளியாலை வரும், ஐயா. அவசரப்பட்டால் வெடிக்கும்," என்று கிளரன்ஸுக்குப் பாடம் எடுத்தாள். அவர் குறிப்பெடுத்தார். இரண்டாம் நாள் திரும்பப் பரப்பினாள். பிறகு ஆளுக்கு ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார்கள். கிளரன்ஸும் கடித்தார். 'டக்'.

வின்சன்ற் இந்த மூன்று நாளும் அருளம்பலத்தோடு கதைத்தது ஒரே ஒரு தரம்.

"அண்ணை, நீங்கள் எனக்காகச் செய்யிறியள் எண்டு விளங்குது," என்றான். "மறக்கமாட்டன்."

அருளம்பலத்துக்கு அந்தச் சொல்லைவிடக் கன்னத்தில் ஒரு அறை நன்றாக இருந்திருக்கும்.

காய்ந்த நெல்லை நிறுத்தார்கள். ஐம்பத்தெட்டரை கிலோ. ஐந்தரை கிலோ வெயிலோடு போய்விட்டது. கிளரன்ஸ் மூட்டையைச் சுற்றிப் பார்த்தார், களத்தைப் பார்த்தார், சின்னத்தங்கத்தின் மடியைக்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டு வெட்கப்பட்டார். வின்சன்ற் உருளைகளின் இடைவெளியை விரலால் தடவிச் சரிபார்த்து எஞ்சினைத் தொடக்கினான். அரிசி முப்பத்தொன்பது கிலோவும் இருநூறு கிராமும். குறுணல் ஒன்பது.

கிளரன்ஸ் தானே பிரித்தார். "வாசல் நிறையாலை பிரிச்சால் அறுபத்தொண்டு தசம் ரண்டு அஞ்சு. காஞ்ச நிறையாலை பிரிச்சால்..." பென்சிலை நிறுத்தினார். "அறுபத்தேழு."

வாசலில் நின்ற ஒரு ஆள் கைதட்டப் போய், பக்கத்தில் ஒருவரும் தட்டாததால் தலையைச் சொறிந்தார். கிளரன்ஸ் பொக்கற்றிலிருந்து கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். வின்சன்ற்றைப் பார்த்து, "மன்னிச்சுக்கொள்ளும்," என்றார். ஒரு பரிசோதகர் அப்படிச் சொல்லி அந்த ஊர் அதற்குமுன் கேட்டதில்லை.

பிறகு அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பழைய அறிக்கைத் தாள்களின் கட்டை அவிழ்த்தார்.

"லொட் இருபத்தெட்டு. கார்த்திகை. இதுவும் கிளாலியாலை வந்த நெல்லு, அடை மழை. வாசல் நிறையாலைதானே பிரிச்சிருக்கிறியள்? அறுபத்தேழு தசம் ஒண்டு. லொட் முப்பத்தொண்டு, மார்கழி. அறுபத்தாறு தசம் ஒம்பது. ஈர நெல்லு அறுபத்தொண்டுதான் தரும் எண்டு நீங்களே இப்ப எனக்குக் காட்டிப்போட்டியள். அப்ப இது எப்பிடி?"

கேள்வி வந்துவிட்டது. மூன்று நாளாகக் காத்திருந்த கேள்வி. வந்தபோது அருளம்பலத்துக்கு ஒரு ஆறுதல்போலக்கூட இருந்தது. மேசையின் அடி லாச்சியைத் திறந்து, நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமென்றால் மெய்யான இலக்கத்தை எங்காவது எழுதித்தானே ஆகவேண்டும். எழுதியிருந்தார். அதுவும் முத்து முத்தாக.

"இருபத்தெட்டு மெய்யா அறுபத்துமூண்டு," என்றார். "மிச்சத்தைப் பெட்டகத்திலை இருந்து போட்டனான். முப்பத்தொண்டு அறுபத்துநாலு. குறுணல் பதினாலு, பதினைஞ்சு. நல்ல மூட்டையிலை இருந்து நூறு கிராம் எடுத்துப் பாத்து எட்டு எண்டு எழுதினனான்."

"பெட்டகத்துக்கு அரிசி எங்கையிருந்து?"

"நல்ல லொட்டுகளிலை இருந்து. கூட வந்ததைக் குறைச்சு எழுதினன்." தலை நிமிரவில்லை. "ஒரு மணி வீட்டை போகேல்லை, சேர்."

"அது எனக்கு விளங்குது," என்றார் கிளரன்ஸ். கொப்பியைப் புரட்டினார். "களவெடுத்திருந்தால் எனக்கு எழுதச் சுகம். உதுக்கு என்ன பெயர் எழுதிறது?"

எஞ்சின் பக்கம் நின்ற வின்சன்ற் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தான்.

"அண்ணை, கூட வந்ததெண்டால் எவ்வளவு?"

"ஒண்டு... ரண்டு..."

"வைகாசியிலை ஒரு லொட் குத்தினன். உருளை ரண்டையும் மாத்திப் பூட்டி, ஒரு கிழமை அதோடை மினைக்கெட்டுச் செய்தது. அரிசியைக் கையிலை அள்ளிப் பாத்தன், குறுணலே தெரியேல்லை. உங்களிட்டை வந்து கேட்டனான், எவ்வளவு வந்தது எண்டு. ஞாபகம் இருக்கோ? என்ன சொன்னியள்?"

அருளம்பலத்துக்கு ஞாபகம் இருந்தது.

"அறுபத்தேழு எண்டு சொன்னியள். வழக்கம்போலை அறுபத்தேழுதான் தம்பி எண்டு சொன்னியள். நான் நினைச்சன், நான் என்ன செய்தாலும் உந்த மெசின் இவ்வளவுதான் தரும் எண்டு. அதுக்குப் பிறகு நான் அப்பிடி மினைக்கெடேல்லை." கொப்பியைத் தொடாமல் விரலால் காட்டினான். "அது எத்தினையாம் லொட்? வாசியுங்கோ."

அருளம்பலம் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். பக்கம் தேடத் தேவையிருக்கவில்லை.

"லொட் அஞ்சு. எழுபது தசம் நாலு. குறுணல் நாலு."

சின்னத்தங்கம் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"எழுபது," என்றான் வின்சன்ற். யாரோ தன்னுடைய பிள்ளை பாஸ் பண்ணிய செய்தியை எட்டு மாதம் பிந்திக் கொண்டுவந்து கொடுத்ததுபோல அந்தச் சொல்லைச் சொன்னான். "எழுபது வந்தது ஒரு மனிசருக்கும் தெரியாது. அறுபத்தொண்டு வந்தது ஊருக்கெல்லாம் தெரியும்." பிறகு, "நான் கள்ளன் எண்டு அவை கதைக்கேக்கை அந்தக் கொப்பியை ஒருக்கால் காட்டியிருக்கலாம் அண்ணை," என்றுவிட்டு வெளியே போனான். கத்தவில்லை. கத்தியிருந்தால் அருளம்பலமும் இரண்டு சொல் திருப்பிச் சொல்லி ஆறியிருப்பார்.

கிளரன்ஸ் எழுதிய தீர்ப்பு சின்னது. அருளம்பலத்தை விலக்கவில்லை, அந்தச் சம்பளத்துக்கு, அந்தத் தராசோடு, அந்த எண்ணெய்ப் புகைக்குள் இருந்து பிரித்துப் பெருக்க வேறு ஆள் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். சித்திரையிலிருந்து வந்த நாற்பத்தொரு லொட்டுக்கும் மெய்யான இலக்கத்தோடு திரும்ப அறிக்கை எழுதவேண்டும். மூன்று பிரதி. கார்பன் தாள் இல்லை. ஆகையால் மூன்றையும் கையால். சம்பள உயர்வு இந்த வருடம் இல்லை. இனிமேல் தாளில் ஒரு கட்டம் கூட: காய்ந்த பின் நிறை.

அருளம்பலம் பன்னிரண்டு நாள் எழுதினார். அறுபத்துமூன்று, அறுபத்தெட்டு, அறுபத்தைந்து, எழுபது. இலக்கங்கள் ஏறியும் இறங்கியும் போயின. மழை பெய்த கிழமை எது, வெயில் எறித்த கிழமை எது என்று தாளைப் பார்த்தே சொல்லலாம்போல இருந்தது. அவருடைய கையெழுத்து முப்பதாவது தாளுக்குப் பிறகு வாலை இழந்துவிட்டது. பராசக்தி பின்னேரத்தில் விரலுக்கு எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே, "உண்டியல்லை இருந்து எனக்கு ஒரு கொத்துத் தந்திருந்தால் கேட்ட பழிக்காவது கூலி கிடைச்சிருக்கும்," என்றாள்.

பழி என்று அவள் சொன்னது சும்மா அல்ல. ஊர் வின்சன்ற்றைக் கைவிட்டுவிட்டு இப்போது அருளம்பலத்தைப் பிடித்திருந்தது. எழுபதை அறுபத்தேழாக எழுதியவர் மூன்றை என்ன செய்தார்? பெட்டகத்தில் போட்டாராம். பெட்டகம் வெறுமையாமே? முகாமுக்குப் போய்விட்டதாம். ஓம், ஓம், போயிருக்கும். இந்த 'ஓம், ஓம்' கொடிகாமம் சந்தையில் தொடங்கி, மிருசுவில் வரைக்கும் போய், பஸ் இல்லாத காலத்திலும் அடுத்த நாளே திரும்பி வந்தது.

நாற்பத்திரண்டாவது லொட் மாசி தொடக்கத்தில் குத்துப்பட்டது. முப்பத்தேழு மூட்டை. சின்னத்தங்கம் இரண்டு நாள் காயவிட்டாள்; முகாமிலிருந்து ஆள் வந்தபோது விளக்குமாற்றைக் காட்டினாள். வின்சன்ற் உருளைகளைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினான். அருளம்பலம் தராசடியில் கொப்பி இல்லாமல், ஒரே ஒரு தாளோடு நின்றார்.

வின்சன்ற் அவரோடு இன்னும் கதைக்கவில்லை. காலையில் வரும்போது அண்ணை என்று தலையசைப்பது நின்றுவிட்டது. தேத்தண்ணியை எஞ்சின் பக்கம் தனியாக இருந்து குடித்தான். ஆனால் கடைசி மூட்டை தராசில் ஏறியதும் எஞ்சினை நிற்பாட்டாமலே, அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்தினான்:

"எவ்வளவு?"

அருளம்பலம் இரண்டு தரம் பிரித்தார். பிறகு அவரும் தொண்டை நோகக் கத்தினார். "காஞ்ச நிறைக்கு அறுபத்தெட்டு தசம் மூண்டு! குறுணல் எட்டரை!"

வின்சன்ற் குனிந்து உருளைப் பக்கம் எதையோ அரைச் சுற்றுத் திருகினான். அருளம்பலம் அறுபத்தெட்டு தசம் மூன்று என்று எழுதினார். ஒருவர் வந்து கேள்வி கேட்கப்போகிறார் என்பது தெரிந்தே எழுதிவிட்டு, அடுத்த பிரதியை எடுத்தார்.